வாசலில் கழற்றிவைக்கும் பொறுமை

நாள் முழுவதும் வெளியில் அத்தனை பேரிடமும் இன்முகத்துடன் பேசுகிறவர், வீட்டுக்குள் கால் வைத்ததும் ஏன் சீறுகிறார்? வேலைக்குப் போகும் மகனோ மகளோ மருமகளோ உள்ள இல்லங்களில், மாலைப் பொழுதைக் காத்திருந்தே கழிக்கும் பெரியவர்களின் மனத்தில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. 'பாவம், களைத்துப் போயிருக்கிறான். பொறுமை தீர்ந்துவிட்டது' என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். எஞ்சிய பாதியை, வங்கிப் பணியில் இருந்த நாளில் நேரில் கண்ட ஒன்றைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நான் திருச்செங்கோட்டில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்தேன். ஒரு நாள் இடைவெளிக்குப் பின் 10ஆம் தேதி வங்கிகள் திறந்தபோது, கதவு திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனையைத் தொட்டிருந்தது. விசைத்தறிக் கூடங்களில் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். ரிக் வண்டியில் வேலைக்குப் போன பிள்ளைகள் வீட்டில் கொடுத்துச் சென்ற பணமெல்லாம் பழைய நோட்டாக இருந்தது. கார்த்திகையில் திருமணம் வைத்திருந்தவர்களின் கலக்கத்தைச் சொல்லி முடியாது.

விதிகளோ ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒருவர் மாற்றிக்கொள்ளக்கூடிய தொகை முதலில் 4,000 ரூபாய். சில நாள்களில் அது 4,500 ஆயிற்று; பிறகு 2,000 ஆகக் குறைந்தது; 24ஆம் தேதியோடு அந்த வசதியும் நின்றது. முதல் வாரத்தில் சனி, ஞாயிறும் வங்கிகள் திறந்திருந்தன. புதிய 2,000 ரூபாய் நோட்டைக் கையில் வாங்கியவர்கள், 'இதுக்குச் சில்லறை எங்கே போய் வாங்குவேன்?' என்று அங்கேயே நின்றுவிடுவார்கள்.

எங்கள் கிளையில் கல்லாவில் இருந்தவர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. 'நூறு ரூபாயாக் கொடுங்க' என்ற ஒரே வேண்டுகோளை அன்றாடம் நூற்றுக்கணக்கானவர்களிடமிருந்து கேட்டார். ஒவ்வொருவருக்கும் முதல்முறை சொல்வது போலவே, 'நூறு ரூபாய் நோட்டு தீர்ந்துவிட்டது, ஐயா' என்று விடை சொன்னார். வரிசை முடிந்த பின்தான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். பழைய நோட்டுகளை எண்ணிக் கட்ட வேண்டும். கள்ள நோட்டு கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கும் கையிருப்பும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்து வர வேண்டும். குறைந்தால் காசாளர் தம் கைப்பணத்தைப் போட்டு ஈடுசெய்ய நேரும். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாளும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்த மாத இறுதியில் மலைக்கோயில் பிரகாரத்தில் அவருடைய மாமியாரைச் சந்தித்தேன். நலம் விசாரித்தபோது அந்த அம்மாள் மனம் நொந்து சொன்னார்: "ஊரே தங்கமான பொண்ணுங்குதுங்க. எங்கிட்ட மட்டும் எரிஞ்சு எரிஞ்சு விழறாளுங்க. 'ஏங் கண்ணு இவ்ளோ நேரம்?'னு கேட்டதுக்கு, 'நானென்ன ஊர் சுத்திட்டா வர்றேன்?'ங்கறா. அப்பப் பார்த்து ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. 'சொல்லுங்க சார்'னு அத்தனை பதவிசாப் பேசறாளுங்க. என்னைக் கண்டா அவளுக்குப் பிடிக்கலீங்களா?"

அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. பொறுமை, தொட்டித் தண்ணீரைப் போல மாலைக்குள் வற்றிப்போகும் பொருளாக இருந்தால், அழைப்பு வந்த அந்த நொடியில் அது எங்கிருந்து ஊறியது? மன அடக்கம் என்பது செலவழிந்து தீரும் ஒரு சக்தி என்று அமெரிக்க உளவியல் அறிஞர் ராய் பௌமைஸ்டரும் அவருடைய குழுவினரும் 1998இல் சோதனைகள் காட்டி எழுதினார்கள். அக்கருத்து உலகெங்கும் பரவியது. ஆனால் பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து அதனைச் சரிபார்த்து 2016இல் முடிவை வெளியிட்டபோது, அத்தகைய விளைவு ஏறக்குறைய இல்லை என்றே தெரிந்தது. ஆகவே களைப்பு பொறுமையை அடியோடு காலி செய்துவிடுகிறது என்று சொல்ல இயலாது. பொறுமையாக இருப்பதைக் கடினமாக்குகிறது என்று சொல்லலாம்.

கடினமான பாரத்தைத் தூக்கி நிறுத்த முட்டுக்கொடுத்தல் வேண்டும். வெளியில் அந்த முட்டுகள் தாமாகவே அமைகின்றன. கல்லாவின் முன் நிற்பவர் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். அவ்வளவு நேரம் தாங்கினால் போதும். சீறினால் புகார் வரும், பெயர் கெடும். இருக்கைக்கென்று ஒரு பேச்சுமுறை இருக்கிறது. களைத்த மூளை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வாய் பழக்கத்தில் சொல்லிவிடும். வந்தவர் கோபித்தாலும் அந்தக் கோபம் வங்கியின் மேல். அந்தப் பெண்ணின் மேல் இல்லை.

வீட்டில் இவற்றுள் ஒன்றுமில்லை. எதிரே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் போய்விட மாட்டார். எவ்வளவு கடிந்தாலும் நாளை காலை காபி கலந்து தருவார் என்ற உறுதி இருக்கிறது. அந்த உறுதியே காவலைத் தளர்த்திவிடுகிறது. மேலும், வீட்டார் கேட்பது நேரே ஆளைத் தொடுகிறது. 'ஏன் இவ்வளவு நேரம்?' என்று மாமியார் பரிவுடன்தான் கேட்டார். ஆனால் காலையிலிருந்து 'ஏன் இல்லை?', 'ஏன் தாமதம்?' என்றே கேட்டுக்கேட்டுச் சலித்த காதில், அது இன்னொரு விசாரணையாக விழுந்தது. பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய நினைவு ஒன்று வாலாகத் தொங்குவதும் உண்டு. அந்நியர் சொல்லுக்கு அந்த வால் இல்லை.

இதற்கு என்ன செய்வது என்பதற்கும் ஓர் ஆய்வு துணையாகிறது. விமான நிலையங்களில் விமானங்களின் ஏற்ற இறக்கத்தை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்களின் வேலையில் நொடிப்பொழுது கவனம் சிதறினாலும் ஆபத்து. ரெனா ரெபெட்டி என்ற உளவியல் அறிஞர் அத்தகையோர் சிலரையும் அவர்தம் மனைவியரையும் அடுத்தடுத்த நாள்களில் குறிப்பெழுதச் செய்து, 1989இல் முடிவை வெளியிட்டார். வேலை மிகுந்த நாள்களில் அவர்கள் வீட்டில் அதிகம் பேசாமல் ஒதுங்கியிருந்தார்கள். மனைவி அந்த ஒதுக்கத்தைத் தவறாகக் கொள்ளாமல் இடம் கொடுத்த வீடுகளில், கோபச் சொற்கள் குறைவாக இருந்தன. கொஞ்ச நேரத்து மௌனம் அங்கே வெறுப்பின் அடையாளமாக இல்லை. சினம் வெளிப்படாமல் காக்கும் மதிலாக இருந்தது.

அந்த மாமியாரிடம் நான் சொன்னதும் இவ்வளவுதான். "அம்மா, அவர் வந்ததும் ஒன்றும் கேட்காதீர்கள். கேட்க வேண்டியதை அரைமணி நேரம் தள்ளிவையுங்கள்." அவர் கெட்டிக்காரர். வீட்டில் அதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார். மருமகள் நுழைந்ததும் கையில் ஒரு டம்ளர் மோர். கைகால் அலம்பி, விளக்கின் முன் ஒரு நிமிடம் நின்று, உடை மாற்றி வரும்வரை பிள்ளைகளின் கணக்குப் பாடமும் பேசப்படாது, பால்காரர் பாக்கியும் பேசப்படாது. வந்து உட்கார்ந்து மருமகளே வாய் திறந்த பிறகுதான் பேச்சு. வங்கியில் இருக்கைக்குள்ள முறை போல, வீட்டுக்குள்ளும் ஒரு முட்டு கிடைத்துவிட்டது. ஒரேயடியாக எல்லாம் மாறிவிடவில்லை. கணக்கு ஒத்து வராத இரவுகளில் அப்போதும் சுள்ளென்று ஒரு சொல் வரும் என்றார். ஆனால் "என்னைப் பிடிக்கலையோங்கற நெனப்பு போயிருச்சுங்க" என்று சொன்னபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

இவ்விளக்கத்துக்கு எல்லையும் உண்டு. எல்லாச் சீற்றமும் களைப்பால் வருவதன்று. களைப்பின் கோபத்துக்கு ஒரு வேளை இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த விடுமுறை நாளில் அது காணாது. சொன்னவரே சற்று நேரத்தில் குரல் தாழ்ந்து வந்து நிற்பார். ஓய்ந்திருக்கும் நாளிலும் தொடர்ந்தால், கை ஓங்கும் அளவுக்குப் போனால், அதைக் களைப்பு என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது; குடும்பத்துப் பெரியவர்களிடமோ வெளியிலோ சொல்லி உதவி பெறவே வேண்டும். நம் வயதினர்க்கும் ஒரு குறிப்பு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்க்கு, உணவு தள்ளிப்போகும் வேளையில் வியர்வையும் நடுக்கமுமாகத் திடீர் எரிச்சல் வந்தால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருக்கக் கூடும். வாதம் செய்யாமல் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பிறகு மருத்துவரிடம் கலந்துகொள்வது நல்லது.

மற்றொரு சோதனை நம் வள்ளுவப் பெருந்தகை வைத்தது. சினம் எங்கே பலிக்குமோ அங்கே அதைக் காப்பவனே உண்மையில் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்பது 'வெகுளாமை' அதிகாரத்தின் முதற்குறள் தரும் பொருள். மேலதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் நம் கோபம் செல்லாது. ஆகவே அங்கே அடங்குவதில் பெரும் பெருமை இல்லை. அது செல்லும் இடம் வீடு. ஒரு வீட்டில் ஒருவருடைய 'களைப்பு' சம்பாதிக்கும் மூத்தவரைத் தொடாமல், வயதான தாயின் மீதும் சிறு குழந்தையின் மீதும் மட்டுமே விழுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதற்குக் களைப்பு என்ற பெயர் பொருந்தாது. எல்லார் மேலும் ஒன்றுபோல் விழுந்து, உறங்கி எழுந்ததும் மறைந்துவிடுகிறதென்றால், அங்கே தேவைப்படுவது ஒரு டம்ளர் மோரும் அரைமணி நேரமும்தான்.