அட்டையில் 62, கையில் எவ்வளவு?

தேவிபட்டினம் கடைத்தெருவில் டீமேட் கணக்கு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணே, புரமோட்டர் 62 சதவீதம்னு போட்டிருக்கான். அப்ப அந்தக் குடும்பத்துக்குப் பாதிக்கு மேல சொந்தம்தானே?" அவர் செல்பேசியில் காட்டியது பிர்லா கார்ப்பரேஷன் என்ற சிமெண்ட் கம்பெனி. கேள்வி சின்னது, பதில் சின்னது இல்லை.

*

பிரியம்வதா பிர்லா 2004 ஜூலையில் காலமானார். எம்.பி. பிர்லாவின் மனைவி, குழந்தை இல்லை. 1999-இல் எழுதிய உயிலில் எல்லாவற்றையும் ஆடிட்டர் ஆர்.எஸ். லோதாவுக்கு எழுதி வைத்திருந்தார். பிர்லா குடும்பம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சொத்து சுமார் 5,000 கோடி என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் பிர்லா கார்ப்பரேஷனில் அந்த அம்மாள் பெயரில் நேரடியாக இருந்த பங்கு சுமார் 1.26 சதவீதம்தான். புரமோட்டர் குழுவின் பங்கோ 62-ஐத் தாண்டியது. மிச்சமெல்லாம் குழுமத்தின் மற்றக் கம்பெனிகள், டிரஸ்டுகள், சொசைட்டிகள் பெயரில். யுனிவர்சல் கேபிள்ஸ், விந்தியா டெலிலிங்க்ஸ் இரண்டும் ஒன்றில் ஒன்று பங்கு வைத்திருக்கின்றன. இரண்டுமே பிர்லா கார்ப்பரேஷனிலும் வைத்திருக்கின்றன.

*

குறுக்குப் பங்கு என்பது மொய் மாதிரி. நான் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் 5,000 எழுதுகிறேன், நீங்கள் என் வீட்டில் அதே 5,000 எழுதுகிறீர்கள். இரண்டு நோட்டிலும் வரவு ஏறிவிட்டது, இரண்டு வீட்டிலும் புதுக்காசு ஒரு பைசா இல்லை. மொய்க்காவது சாப்பாடு போடுகிறார்கள்.

*

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை.

அ கம்பெனி: குடும்பம் 10, ஆ கம்பெனி 40, பொதுமக்கள் 50.
ஆ கம்பெனி: குடும்பம் 20, அ கம்பெனி 40, பொதுமக்கள் 40.

அ கம்பெனியின் கூட்டத்தில் குடும்பத்தின் பேச்சுக்கு 50 ஓட்டு விழும். ஏனென்றால் ஆ கம்பெனியின் 40-ஐ எப்படிப் போடுவது என்று முடிவுசெய்வதும் இவர்கள்தான். சொந்தப் பெயரைப் பார்த்தால் 10. லாபத்தில் உண்மையான பாத்தியதை எவ்வளவு? அ-வில் குடும்பத்தின் பங்கு = 10 + ஆ-வில் உள்ளதில் 40 சதவீதம். ஆ-வில் குடும்பத்தின் பங்கு = 20 + அ-வில் உள்ளதில் 40 சதவீதம். ஒன்று தெரிந்தால்தான் மற்றது தெரியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். அ-வில் சுமார் 21.4, ஆ-வில் சுமார் 28.6 வரும்.

ஆக 10, 21.4, 50 என்று மூன்று எண்கள். முதலும் கடைசியும் பங்குச் சந்தைப் படிவத்தில் கிடைக்கும். நடுவில் இருப்பதை யாரும் அச்சிடுவதில்லை. அ கம்பெனி 100 ரூபாய் நஷ்டப்பட்டால் குடும்பத்துக்கு வலிப்பது 21 ரூபாய்தான், முடிவெடுக்கும் நாற்காலி முழுசாக அவர்களுடையது. எனக்கு உறுத்துவது இந்த இடைவெளி.

*

40 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கம்பெனி இன்னொன்றில் பாதிக்கு மேல் வைத்தால் அது துணை நிறுவனமாகிவிடும். துணை நிறுவனம் தாய் நிறுவனத்தின் பங்கை வைத்திருக்கக் கூடாது என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதனால் பாதிக்குக் கீழேயே நிறுத்தி, நாலைந்து கம்பெனிகள் வழியாக வட்டத்தைச் சுற்றிவிடுவார்கள்.

தென் கொரியாவின் லோட்டே குழுமத்தில் இப்படி 416 வளையங்கள் இருந்ததாக 2016-இல் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் வெளியிட்டது. குடும்பத்தின் நேரடிப் பங்கு வெறும் 2.4 சதவீதம்.

*

கல்கத்தா வழக்கின் திருப்பம்: 2020 செப்டம்பரில் தனி நீதிபதி, குழுமக் கம்பெனிகளில் லோதாவின் மகன் ஹர்ஷ் பதவி வகிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். நீதிமன்றம் நியமித்த சொத்து நிர்வாகக் குழுவின் பிடி மொத்தப் புரமோட்டர் பங்கிலும் செல்லும் என்ற பார்வை அதில் இருந்தது. 2023 டிசம்பரில் தலைமை நீதிபதி டி.எஸ். சிவஞானம் அமர்வு அதை ஏற்கவில்லை. உயில் நீதிமன்றத்தின் கை, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து வரைதான் நீளும். தனிக் கம்பெனிகளுக்குள்ளும் டிரஸ்டுகளுக்குள்ளும் போகாது என்ற நிலை. சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வினோதம்: 62 சதவீதத்தை ஆளலாம், உயிலில் எழுதித் தர இருப்பது சுமார் 1.26.

*

தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் விவரம் பங்குச் சந்தைத் தளத்தில் வரும். புரமோட்டர் பட்டியலில் மனிதப் பெயர்களையும் கம்பெனிப் பெயர்களையும் தனித்தனியே கூட்டுங்கள். பிறகு அந்தக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் முதலீட்டுக் குறிப்பைத் திறந்து, முதல் கம்பெனியின் பெயர் அங்கே திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வளையம். பட்டியலிடப்படாத கம்பெனியானால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கட்டணம் கட்டி ஆண்டு விவரத்தைப் பார்க்கலாம்.

மறைமுக உரிமையாளரை அறிவிக்கச் சொல்லும் 90-ஆம் பிரிவு இருக்கிறதே என்பார்கள். 10 சதவீதம் இருந்தால் சொல்ல வேண்டும், சரி. ஆனால் கம்பெனி வழியாக வரும் பங்கை எண்ண, அந்தக் கம்பெனியிலோ அதன் உச்சத் தாய் நிறுவனத்திலோ அந்த மனிதருக்குப் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் ஆ கம்பெனியில் குடும்பத்துக்கு 20-தான். கட்டுப்பாடு, கணிசமான செல்வாக்கு என்று வேறு வாசல் சட்டத்தில் உண்டு. அதை நிரூபிப்பது யார்? தடம் சொசைட்டியில் போய் முட்டினால் இன்னும் மோசம், அதற்குப் பங்கும் இல்லை, பங்குதாரரும் இல்லை.