கடைசி ரயிலில் ஏறிய ‘நீ’

அந்தக் கதையை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் சம்பவம் ஒன்றுதான், பெண்ணும் ஒருத்திதான். மாறியது வினைமுற்றின் விகுதி மட்டும்.

சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. புத்தகக் கண்காட்சி நெருங்கிவிட்டால் வேலை முடிய இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். அன்று பூங்கா நிலையத்தில் தாம்பரம் போகும் கடைசி ரயிலைப் பிடித்தேன். நான் இறங்க வேண்டியது குரோம்பேட்டை. பெண்கள் பெட்டியில் ஆறேழு பேர் இருந்தோம். மாம்பலத்தில் ஏறிய ஜவுளிக்கடைப் பெண்கள் பழவந்தாங்கலில் மொத்தமாக இறங்கிப் போனார்கள். மீனம்பாக்கத்தில் ஓர் ஆள் ஏறினான். பெட்டி முழுக்கக் காலியாக இருக்க, எனக்கு எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தான். “எங்கம்மா எறங்கணும்?” என்று கேட்டான். தாம்பரம் என்று பொய் சொன்னேன். பல்லாவரம் வந்ததும் எழுந்து இறங்கிவிட்டேன். ரயில் நகர்ந்தபோது அவன் கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டே போனான். அடுத்த ரயில் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனேன்.

இவ்வளவுதான். ‘ஒன்றும் நடக்கவில்லை.’ இந்த ‘ஒன்றும் நடக்கவில்லை’யைத்தான் கதையாக எழுத நினைத்தேன்.

முதலில் ‘நான்’ என்று எழுதினேன். தன்மையில் எழுதும்போது ஆணா பெண்ணா என்பதை வினைமுற்று காட்டாது. ஏறினேன், இறங்கினேன் என்பவை இருவருக்கும் பொது. ஆனால் கதைக்கு மேலே என் பெயர் இருந்தது. படித்த நண்பர் ஒருவர், “அவ்வளவு நேரம் ஏன் ஆபீஸ்ல இருந்தீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். கதை என் வாக்குமூலமாகிவிட்டது.

பிறகு ‘அவள்’ என்று மாற்றினேன். இப்போது முதல் வாக்கியத்திலேயே, “அவள் ஓடினாள்” என்றவுடனேயே, ஒரு பெண் ஆபத்தில் மாட்டப்போகிறாள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. ‘ஆள்’ விகுதியும் ‘இரவு’ என்ற சொல்லும் ஒரே வரியில் வந்தால் போதும், மீதியை நாம் படித்த செய்திகள் எல்லாம் சேர்ந்து எழுதிவிடுகின்றன. பாவம், அவள் என்று பரிதாபப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

மூன்றாவது முறைதான் ‘நீ’. முன்னிலையில் ஒரு கதை முழுவதையும் எழுதுவது புதிதல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் மிஷெல் புய்தோர் 1957-இல் ஒரு நாவல் முழுவதையும் அப்படி எழுதினார். அதுவும் பாரிஸிலிருந்து ரோமுக்குப் போகும் ரயில் பயணம்தான். ஆனால் அதில் பயணம் செய்பவன் ஓர் ஆண். தன் காதல் வாழ்க்கையில் என்ன முடிவெடுப்பது என்று யோசித்துக்கொண்டே போகிறான். எதிர் இருக்கைக்காரன் எங்கே இறங்குவான் என்று கணக்குப் போட வேண்டிய அவசியம் அவனுக்கில்லை. எனக்கு நெருக்கமாக இருந்தது ஜமைக்கா கின்கெய்டு 1978-இல் எழுதிய ‘கேர்ள்’ என்ற மிகச் சிறிய கதை. ஒரு தாய் மகளுக்கு எப்படித் துவைப்பது, எப்படிச் சமைப்பது, எப்படி நடப்பது என்று கட்டளை கட்டளையாக அடுக்குகிறாள்; கதை அவ்வளவுதான். பெண்ணை நோக்கி உலகம் பேசும் ‘நீ’ எது என்று அதைப் படித்தபோது புரிந்தது.

புரிந்தபின்தான் சிக்கலே தொடங்கியது. மூன்றாவது வரைவை இறந்தகாலத்தில் எழுதியிருந்தேன். “பூங்காவில் கடைசி ரயிலில் ஏறினாய். ஜன்னலோரம் உட்கார்ந்தாய். மீனம்பாக்கம் வரை எழுந்திருக்கவில்லை.” உரக்கப் படித்துப் பார்த்தபோது உடல் கூசியது. இது கதை சொல்லும் குரல் அல்ல, விசாரணை செய்யும் குரல். எதிரே இருப்பவரிடம் அவர் செய்ததையே திருப்பிச் சொல்கிறவர் யார்? போலீஸ்காரர், வக்கீல், கோபத்தில் இருக்கும் அப்பா. ‘ஏறினாய்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எழுதப்படாத ஒரு ‘ஏன்’ நிற்கிறது.

எதிர்காலத்துக்கு மாற்றினால் ஜோசியம் ஆகிவிடுகிறது: “கடைசி ரயிலில் ஏறுவாய். ஓர் ஆள் வருவான்.” ஏவலாக்கினால் அறிவுரை: “விளக்கு எரியும் பெட்டியில் ஏறு. போனைக் கையில் வைத்துக்கொள்.” நமக்கெல்லாம் மனப்பாடமான பட்டியல் அது. ‘நீங்கள்’ என்று மரியாதை கொடுத்துப் பார்த்தேன். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஒலிபெருக்கி பேசுவதுபோல இருந்தது.

எஞ்சியது நிகழ்காலம். “ஏறுகிறாய். உட்கார்கிறாய்.” இதில் மட்டும்தான் குற்றச்சாட்டு இல்லை, ஏனென்றால் காரியம் இன்னும் முடியவில்லை. சொல்கிறவளுக்கும் அடுத்த நிலையத்தில் என்ன ஆகும் என்று தெரியாது. நமக்கு இது அந்நியமான குரலுமல்ல. திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தலைவி தன் நெஞ்சை எதிரில் நிறுத்தி ‘நெஞ்சே’ என்று பேசுகிறாள். என் கதையில் ‘நீ’ என்று பேசுவது யார் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. பேசுவது போலீஸ்காரரோ அம்மாவோ அல்ல. வீடு போய்ச் சேர்ந்தவள், இன்னும் ரயிலில் இருக்கிறவளுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். இது முடிவானதும் நான்காவது வரைவு நகர ஆரம்பித்தது.

ஆனாலும் ஒரு பக்கம் முடிவதற்குள் காது வலித்தது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் ஒவ்வொரு வாக்கியமும் ‘கிறாய்’ என்றே முடிகிறது. போதாததற்கு ஒவ்வொன்றும் ‘நீ’ என்று தொடங்கியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், முதல் பக்கத்தில் மட்டும் முப்பத்தொரு ‘நீ’. வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடுகிற மொழியில் இவ்வளவு தேவையில்லை. நான்கை மட்டும் விட்டு மற்றவற்றை அடித்தேன். சில இடங்களில் வினையையே எடுத்துவிட்டு நிலையங்களின் பெயரை மட்டும் வைத்தேன். கிண்டி. பரங்கிமலை. பழவந்தாங்கல். இந்த வழியில் போய்வருகிறவருக்கு அந்தப் பெயர்களே போதும், தூரம் தெரிந்துவிடும்.

அடுத்து, பயம். “நீ பயப்படுகிறாய்” என்று எழுதியிருந்தேன். படித்த தோழி ஒருத்தி, “நான் பயப்பட மாட்டேனே” என்றாள். முன்னிலைக் கதையில் இது அடிக்கடி நடக்கும். வாசகரின் உணர்ச்சியை நாம் அறிவித்தால் அவர் மறுத்துவிடுவார், அந்த நொடியே கதையைவிட்டு இறங்கியும்விடுவார். செயலைச் சொன்னால் மறுப்பதில்லை. அதனால் “பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாய்” என்று மாற்றினேன். அதே தோழி ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினாள். பயத்தைச் சொல்லியே ஆகவேண்டிய ஓர் இடத்துக்கு நம் பேச்சிலேயே ஒரு வழி இருந்தது. பசியும் தூக்கமும் பயமும் தமிழில் நாம் செய்கிற காரியங்கள் அல்ல, நமக்கு வருகிறவை. “பயமாக இருக்கிறது” என்ற வாக்கியத்தில் நானும் இல்லை, நீயும் இல்லை. அவன் எதிரே வந்து உட்காரும் இடத்தில் அதை மட்டும் வைத்தேன்.

இப்போது கதையின் தொடக்கம் இப்படி இருந்தது: “மூச்சு வாங்க ஏறுகிறாய். பெட்டியில் எத்தனை பேர் என்று பார்க்கிறாய். போனில் சார்ஜ் பதினான்கு சதவீதம். விளக்குக்குக் கீழே உள்ள இருக்கையைத் தேர்ந்தெடுக்கிறாய்.” பெண்கள் பெட்டி என்பதை மூன்றாவது பத்தியில்தான் சொல்லியிருந்தேன். ‘ஏறுகிறாய்’ என்பதும் இருபாலுக்கும் பொது. மேலே இருந்த என் பெயரையும் எடுத்துவிட்டு ஒரு கல்லூரி வகுப்பில் படித்துக்காட்டினேன். இது ஒரு பெண் என்று எந்த வாக்கியத்தில் தெரிந்தது என்று கேட்டேன். பையன்களில் பெரும்பாலோர் ‘பெண்கள் பெட்டி’ வந்தபோது என்றார்கள். அதுவரை தாங்கள்தான் அந்த ரயிலில் போய்க்கொண்டிருந்ததாக ஒருவன் சொன்னான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பெண்களில் பலர் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார்கள். “எத்தனை பேர்னு யாரு மேடம் எண்ணுவாங்க?” என்றாள் பின்வரிசைப் பெண். விகுதி மறைத்ததை அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பையன் மூன்று பத்திக்குத் தன்னையறியாமல் ஆட்களை எண்ணிக்கொண்டு பயணம் செய்திருக்கிறான். ‘அவள்’ என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது.

முன்னிலை எல்லாக் கதைக்கும் பொருந்தாது. மூன்று தலைமுறைக் கதையை இப்படிச் சொன்னால் வாசகர் களைத்துப்போவார். ஆனால் கடைசி ரயில் கதைக்கு இது பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் முப்பது நொடிக்குள், இறங்கலாமா, உட்கார்ந்திருக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இறங்கினால் அடுத்த ரயில் இல்லை. இறங்காவிட்டால் அவன் இருக்கிறான். வாசகரை அந்த முப்பது நொடிக்குள் நிறுத்திவிட்டால், “அவ்வளவு நேரம் ஏன் ஆபீஸில் இருந்தாய்” என்று கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

கதை அச்சில் வந்தபோது அம்மாவிடம் கொடுத்தேன். அந்த இரவைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை. ரயில் தாமதம் என்றுதான் சொல்லியிருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: “பல்லாவரத்துல ஏன் எறங்கின?”

நான்கு வரைவுகளாக நான் தவிர்த்து வந்த அதே முன்னிலை, அதே இறந்தகாலம், அதே ‘ஏன்’. ஆனால் அவள் விசாரிக்கவில்லை. அந்த முப்பது நொடியில் நான் எதைப் பார்த்து முடிவெடுத்தேன் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“பிளாட்பாரத்தக் கூட்டிக்கிட்டு ரெண்டு பொம்பளைங்க இருந்தாங்கம்மா” என்றேன்.

“நானும் அங்கதான் எறங்கியிருப்பேன்” என்றாள்.