பேசாத திரைக்கு எழுதும் உரை

ஒலியில்லாத திரைப்பதிவில் அம்புக்குறி நகரும், பட்டியல் திறக்கும், பெட்டியில் எண் விழும். எங்கே பார்ப்பது, ஏன் அதை அழுத்துவது, அழுத்தியபின் என்ன வர வேண்டும் என்பவை தெரியாது. அந்த மூன்றையும் படத்தின் ஓட்டத்தோடு சேர்த்துச் சொல்லும் சில வரிகள்தான் பின்னணிக் குரலுரை.

இந்த வேலையை இந்தியாவில் ஒழுங்குமுறையோடு செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது, பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யாவின் தலைமையில் வளர்ந்த மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம். லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு ஏறத்தாழ 10 நிமிடப் பாடங்களைத் திரைப்பதிவாகச் செய்து, படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, குரலை மட்டும் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் மாற்றியது அந்தத் திட்டம். அவர்களின் கருவி மிக எளியது: இரண்டு பத்தி போட்ட ஒரு தாள். இடப்பக்கம் திரையில் நடப்பது, வலப்பக்கம் அப்போது சொல்ல வேண்டியது. மொழிபெயர்ப்பவருக்குப் போகும் தாளில் இடப்பக்கம் நேரமாக மாறும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இந்தத் தாள்தான் தொழிலின் உயிர். இடப்பக்கத்தில் ஒரு வரி இருந்து அதற்கு நேரே வலப்பக்கம் காலியாக இருந்தால், புதியவர் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதற்குப் பொருத்தமான பாடம், eservices.tn.gov.in தளத்தில் பட்டா, சிட்டா பார்ப்பது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் உள்ள வட்டாரத்தில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு எழும் கேள்வி. தளத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் வழி தெரியாததால், நாலு பெட்டியை நிரப்பிக் கொடுக்க இன்னொருவருக்குக் காசு கொடுக்கிறார்கள். அறியாமையை வைத்து நடக்கும் இந்தச் சில்லறை வசூல் சரியல்ல. அதைக் குறைக்க ஒன்றரை நிமிடப் படம் போதும், உரை சரியாக எழுதப்பட்டிருந்தால்.

தளத்தைத் திறப்பது, கிராமப்புறம் என்று தேர்வது ஆகியவற்றுக்குத் தலா ஒரு வரி போதும். சிக்கல் மாவட்டப் பட்டியலில் தொடங்குகிறது. பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. ஆகவே ஆண்டிமடம் பக்கத்து நிலம் ஒன்றுக்கு 1990-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றும், 1998-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் பெரம்பலூர் மாவட்டம் என்றும் இருக்கும். இரண்டிலும் வட்டம் உடையார்பாளையம். இன்று பட்டியலில் தேட வேண்டியதோ அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் வட்டம். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர் அதில் உள்ளபடியே பெரம்பலூரைத் தேர்வார். அவருடைய கிராமம் அங்கே இருக்காது. தளம் பழுது என்று மூடிவிடுவார். திரைப்பதிவில் இந்தத் தடுமாற்றம் தெரியாது, ஏனென்றால் பதிவு செய்தவருக்குச் சரியான மாவட்டம் முன்பே தெரியும்.

எனவே அந்த இடத்துக்கான வரி இப்படி அமையும்:

“மாவட்டப் பட்டியலில் அரியலூரைத் தேர்ந்தெடுக்கவும். பழைய பத்திரத்தில் பெரம்பலூர் அல்லது திருச்சிராப்பள்ளி என்று இருந்தாலும் இங்கே அரியலூர்தான்.”

இது 13 சொற்கள். புதியவர் பின்தொடரும்படி நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 80, 90 தமிழ்ச் சொற்களுக்கு மேல் போகக் கூடாது; ஆக இந்த வரிக்கு ஒன்பது நொடி வேண்டும். பழக்கப்பட்ட கை அந்தத் தேர்வை நாலு நொடியில் முடித்திருக்கும். மீதி ஐந்து நொடிக்கு என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வேகமாகப் படித்துத் திணித்தால் எச்சரிக்கை காதில் நிற்காது. வரியை வெட்டினால் சொல்ல வந்ததே போய்விடும். சரியான வழி, பெட்டியில் அரியலூர் என்று தெரியும் காட்சியை ஐந்து நொடி அசையாமல் நிறுத்துவது. ஒவ்வொரு படியையும் தனித்தனித் துண்டாக வெட்டி வைத்திருந்தால் இது ஒரே கட்டளையில் முடியும். துண்டின் கடைசிக் காட்சி கேட்ட நேரம் வரை நீளும்:

```
ffmpeg -i maavattam.mp4 -vf tpad=stop_mode=clone:stop_duration=5 maavattam2.mp4
```

வரிக்குள் சொற்கள் வரும் வரிசையும் படத்தைப் பொறுத்தது. முதலில் இடம், பிறகு திரையில் எழுதியிருக்கும் பெயர், கடைசியில் செயல். ‘தேர்ந்தெடுக்கவும்’ என்று முடியும்போது படத்தில் சொடுக்கு நிகழ வேண்டும். சொடுக்கு முந்திவிட்டால் கேட்பவர் கண் தேடத் தொடங்குவதற்குள் திரை மாறிப்போகும். பெட்டியின் பெயரைத் திரையில் உள்ளபடியே சொல்ல வேண்டும் என்பதும் இதையொட்டியே. திரையில் ‘புல எண்’ என்று இருக்க, குரல் ‘சர்வே நம்பர்’ என்றால் புதியவர் வேறொரு பெட்டியைத் தேடுவார். பேச்சில் பழகிய சொல்லையும் சேர்க்க விரும்பினால், “புல எண், அதாவது சர்வே நம்பர்” என்று முதல் தடவை மட்டும் சொல்லிவிட்டு, பிறகு திரைச்சொல்லிலேயே நிற்பது நல்லது.

கிராமப் பட்டியலில் இன்னொரு இடறல். அங்கே இருப்பவை வருவாய் கிராமங்கள் மட்டும். குடியிருக்கும் சிற்றூரின் பெயர் வேறாக இருக்கலாம். “உங்கள் ஊர்ப்பெயர் இல்லையென்றால், பழைய பட்டாவிலோ நிலவரி ரசீதிலோ உள்ள வருவாய் கிராமத்தின் பெயரைப் பார்க்கவும்” என்ற ஒரு வரியை இங்கே விடவே கூடாது. அடுத்தது உட்பிரிவு. ஆவணத்தில் 45/2B என்று ஒன்றாக எழுதியிருப்பதைத் தளம் இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது: புல எண் பெட்டியில் 45, உட்பிரிவுக்கு 2B. குரலும் அப்படியே பிரித்துச் சொல்ல வேண்டும். “நாற்பத்தைந்தின் கீழ் இரண்டு பி” என்று பத்திர எழுத்தர் பாணியில் படித்தால் முழுவதையும் ஒரே பெட்டியில் அடித்துவிடுவார்கள்.

பதிவில் தெரியும் பட்டா எண், உரிமையாளர் பெயர், கைபேசி எண் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட வேண்டும். உரையிலும் அந்த எண்களைப் படிக்கக் கூடாது. “உங்கள் பட்டாவில் உள்ள எண்” என்றாலே போதும்.

குரல் பதிவு அமைதியான அறையில், கைபேசியிலேயே எடுக்கலாம். மின்விசிறியை நிறுத்தினால் போதும்.

உரை தேறியதா என்று அறிய ஸ்போக்கன் டுடோரியல் வைத்திருக்கும் வழி, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது. பட்டா தேடியே பழகாத ஒருவரை அவருடைய சொந்தப் பத்திரத்தோடு உட்காரவைத்து, படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அவர் படத்தை எங்கே நிறுத்துகிறார், எங்கே பின்னால் போகிறார் என்பதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். ஒரு முறை நிறுத்தினால் காட்சி போதிய நேரம் நிற்கவில்லை. பின்னால் போய் மறுபடியும் கேட்டால் வரி குழப்புகிறது. நிறுத்தாமலேயே தவறான பெட்டியை நிரப்பினால், அங்கே சொல்ல வேண்டிய வரி எழுதப்படவே இல்லை.

தளத்தின் பக்கம் அவ்வப்போது மாறும். புதிதாக ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கேட்கும், பொத்தான் இடம் மாறும். ஒரே நீளமான ஒலிக்கோப்பாகப் படித்துவைத்தவர்கள் அப்போது முழுவதையும் மறுபடி படிக்க வேண்டிவரும். படிக்கு ஒரு துண்டாகப் படமும் குரலும் வைத்திருப்பவர்கள், தாளில் மாறிய வரியைத் திருத்தி, அந்தத் துண்டை மட்டும் புதிதாக எடுத்துச் சேர்ப்பார்கள்.