திறந்த உடனே மூடிக்கொள்ளும் செயலி

தொலைபேசித் துறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலாளர் ஒன்று சொல்வார்: "பழுது சந்தாதாரர் வீட்டிலா, கம்பத்திலா, எக்ஸ்சேஞ்சிலா என்று தெரியாமல் கம்பியில் கை வைக்காதே." இன்று கைபேசிச் செயலி திறக்கவில்லை என்று யாராவது என்னிடம் வந்தால் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பழுது போனின் இடவசதியிலா, செயலி சேர்த்து வைத்திருக்கும் தகவலிலா, செயலியிலேயேவா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். சென்ற மாதம் ஒரு காலையில் போனும் கையுமாக வந்தார். வங்கிச் செயலியைத் தொட்டால் சின்னம் ஒரு நொடி தெரிகிறது, பிறகு தானாக மூடிக்கொள்கிறது. பாஸ்வேர்டு போடும் பக்கமே வரவில்லை. கரண்ட் பில் கட்ட மறுநாள் கடைசி நாள். கடைத்தெருவில் போன் பழுது பார்க்கும் பையன், "மெமரி ஃபுல் சார். வாட்ஸ்அப்தான் நிறைய இடம் பிடிச்சிருக்கு. அதில் டேட்டாவை கிளியர் பண்ணுங்க. பேங்க் ஆப்பை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"செய்துவிடலாமா சார்?" என்று கேட்டார். "வாட்ஸ்அப்பில் அவசியமானது ஏதாவது இருக்கிறதா சார்?" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவள் அனுப்பிய குரல் பதிவுகள் இருக்கின்றன" என்றார். அவர் மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது.

அந்தப் பையன் சொன்னதில் நோயைக் கண்டுபிடித்தது சரி. மருந்துதான் ஆபத்தானது. போனின் அமைப்புகளில் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்து Storage என்பதைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள் தெரியும். Clear cache என்பது வேகத்துக்காகச் செயலி எடுத்து வைத்துக்கொண்ட தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும். அவை மறுபடியும் தானாகச் சேர்ந்துகொள்ளும், நமக்கு நஷ்டமில்லை. Clear data அப்படியல்ல. சில போன்களில் Clear storage என்று இருக்கும். அது செயலியை முதல் நாள் போட்ட நிலைக்குக் கொண்டுபோய்விடும். நம் லாகின், அமைப்புகள், செயலி போனுக்குள் சேர்த்து வைத்த எல்லாம் போய்விடும்.

போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்பது செயலியைப் பொறுத்தது. வங்கிச் செயலியில் நம் பணமோ கணக்கோ போனில் இல்லை, வங்கியின் கணினியில் இருக்கிறது. போனில் இருப்பது சாவி மட்டும். சாவி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் பழைய உரையாடல்கள் போனுக்குள்தான் இருக்கின்றன. பேக்கப் எடுக்காமல் அழித்தால் யாரிடம் போய்க் கேட்பது? அவர் போனில் பேக்கப் எடுத்ததாகவே தெரியவில்லை.

எனவே இடத்திலிருந்து தொடங்கினோம். 32 ஜிபி போனில் 100 எம்பிகூட மிச்சமில்லை. செயலி திறக்கும்போதே தன் கோப்புகளில் சில வரிகளை எழுத வேண்டியிருக்கும். எழுத இடமில்லாவிட்டால் பல செயலிகள் அங்கேயே நின்றுவிடும். முதலில் கேலரியில் இருந்த பெரிய வீடியோக்களை அழித்தோம். அழித்தவை குப்பைத்தொட்டியில் போய்க் கிடந்து இடத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். பிறகு வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் Storage and data, அதில் Manage storage. அங்கே 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு பகுதியாகவும், பலமுறை அனுப்பப்பட்டவை இன்னொரு பகுதியாகவும் பிரித்துக் காட்டும். காலை வணக்கப் படங்களும் கோயில் வீடியோக்களும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. சிறு குரல் பதிவுகள் சில நூறு கேபிதான் வரும், அதனால் 5 எம்பி பட்டியலில் அவை சிக்காது. ஆனாலும் ஒவ்வொன்றையும் அவரே பார்த்து அழிக்கட்டும் என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் 4 ஜிபி காலியானது.

போனை அணைத்துப் போட்டோம். வங்கிச் செயலி அப்போதும் மூடிக்கொண்டது. இதற்கும் காரணம் உண்டு. இடமில்லாத நேரத்தில் பாதி எழுதி நின்றுபோன கோப்பு, இடம் கிடைத்த பிறகும் பாதியாகவே இருக்கும். Clear cache செய்து பார்த்தோம், பலனில்லை. ஆகவே இந்தச் செயலிக்கு மட்டும் Clear data. அதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்தேன். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கின்றனவா? வங்கியில் பதிவு செய்த எண்ணின் சிம் இதே போனில் இருக்கிறதா? அதிலிருந்து எஸ்எம்எஸ் போகுமா? மறுபடி பதிவு செய்யும்போது செயலி அந்த சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்மை அடையாளம் காணும். இரண்டு சிம் உள்ள போனில் வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் பதிவு நடக்காது. அவர் சிம்மில் ரீசார்ஜ் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதைப் போட்ட பிறகே பொத்தானைத் தொட்டோம். செயலி திறந்தது, எஸ்எம்எஸ் போனது, லாகின் ஆனது. பழைய யுபிஐ பின்னே வேலை செய்தது, ஏனென்றால் அதுவும் போனில் இருப்பதில்லை. பில்லையும் கட்டிவிட்டார்.

செயலியை நீக்கிவிட்டுப் போடத் தேவையே வரவில்லை. நீக்கினால் தகவலோடு செயலியும் சேர்ந்து போய்விடும். செயலியின் கோப்புகளே கெட்டிருந்தால், அல்லது புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து கோளாறு என்றால், அது பயன்படும். அப்போதும் பிளே ஸ்டோரில் Update என்று இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள். அது தகவலைத் தொடாமல் செயலியை மட்டும் மாற்றும். இடமில்லாத போனில் நீக்கிவிட்டால் திரும்ப இறக்க முடியாமல் நிற்க வேண்டி வரும். பழைய போனாக இருந்தால் இன்னொரு சிக்கல்: புதிய பதிப்பு இந்த ஆண்ட்ராய்டுக்குப் பொருந்தாது என்று பிளே ஸ்டோர் மறுத்துவிடலாம். இருந்ததும் போய்விடும்.

சம்பந்தமில்லாத பல செயலிகள் ஒரே நாளில் மூடிக்கொள்ளத் தொடங்கினால், இவை எதையும் செய்யாதீர்கள். 2021 மார்ச்சில் உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் அப்படி நடந்தது. Android System WebView என்ற பொதுப் பகுதிக்கு வந்த ஒரு அப்டேட்டில்தான் கோளாறு இருந்தது. பல செயலிகள் இணையப் பக்கங்களைக் காட்ட அதையே நம்பியிருப்பதால் எல்லாம் சேர்ந்து விழுந்தன. கூகிள் சரிசெய்த பதிப்பை வெளியிட்ட பிறகு, அதை அப்டேட் செய்ததும் அவை திறந்தன. தனித்தனிச் செயலிகளை அழித்துப் போட்டவர்களுக்கு லாகின் போனதுதான் மிச்சம்.

இப்போது தலைமையாசிரியர் அந்தக் குரல் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிட்டார். மொத்தம் நாற்பத்தொன்று. பெரும்பாலானவை "காய் வாங்கிண்டு வாங்கோ" என்ற ரகம் என்று சொன்னார்.