ஐந்து ரூபாயின் கணக்கு

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பிக்கொட்டை ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதன் விளைவு கோயம்புத்தூர் ஆர். எஸ். புரத்திலுள்ள ஒரு சிறு காப்பிக்கடையின் கல்லாப்பெட்டி வரை வந்து சேர்ந்தது. 25 ரூபாயாக இருந்த பில்டர் காப்பியை மார்ச் முதல் தேதியிலிருந்து 30 ரூபாயாக்கத் தீர்மானித்த கடைக்காரர், அதன் காரணத்தை இன்ஸ்டாகிராமில் ஒரு கரோசலாக, அதாவது விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் ஆறு படங்களின் வரிசையாக, வெளியிட விரும்பினார். அந்த ஆறு படங்களும் உருவானபோது உடனிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

கடை மூடிய பிறகு மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்கள் நால்வர்: உரிமையாளர், காப்பி மாஸ்டர், கல்லாவில் இருக்கும் பெரியவர், படங்களை வடிவமைத்துக் கொடுக்கும் ஓர் இளம் பெண். உரிமையாளர் எழுதி வைத்திருந்த முதல் வாசகம், பிரேசில் நாட்டின் வறட்சியால் கொட்டை விலை ஏறியதென்றும், ஆகவே வேறு வழியின்றி விலையை உயர்த்த நேர்ந்ததென்றும் கூறிற்று. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, "அண்ணா, அஞ்சு ரூபாயும் கொட்டைக்கே போகுதுங்களா?" என்று கேட்டாள். உரிமையாளர் சற்று நேரம் பேசவில்லை; பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். அன்றைய வேலை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே என்று சொல்லலாம்.

கணக்கு இவ்வாறு விரிந்தது. அந்தக் கடையில் ஒரு கிலோ தூளுக்கு 80 டம்ளர் காப்பி கணக்கு. முன்பு கிலோ 640 ரூபாய்க்குக் கிடைத்த தூள் இப்போது 880 ரூபாய். ஆக, ஒரு டம்ளருக்கான தூளின் அடக்கம் 8 ரூபாயிலிருந்து 11 ரூபாயாகி, 3 ரூபாய் ஏறியிருந்தது. அடுத்தது சம்பளம். ஒன்பது பணியாளருக்கும் மாதம் 3,000 ரூபாய் வீதம் கூட்டிக் கொடுப்பதென்று புத்தாண்டிலேயே முடிவு செய்திருந்தார்கள். காப்பியைத் தவிரப் பெயர் சொல்லத்தக்க வியாபாரம் இல்லாத அந்தக் கடையில் நாளொன்றுக்குச் சுமார் 600 டம்ளர் விற்பனையாவதால், அந்த 27,000 ரூபாய் ஒரு டம்ளருக்கு ஒன்றரை ரூபாயாக விழுந்தது. விலைக்குள்ளேயே அடங்கிய 5 சதவீத வரியின் பங்கு 1 ரூபாய் 19 காசிலிருந்து 1 ரூபாய் 43 காசாகி, 24 காசு கூடிற்று. மீதி 26 காசு கடைக்கு. "அதையும் போட்டுருங்க. மறைச்சா மத்த கணக்கும் பொய்யாத் தெரியும்" என்றார் கல்லாப் பெரியவர். அவர் சொன்னபடி இந்தக் கணக்கு முழுவதுமே இரண்டாவது படத்தின் வாசகமாயிற்று.

கொட்டையின் விலையேற்றத்தையே முழுக் காரணமாகக் காட்டுவதில் உள்ள அபாயத்தை மாஸ்டர் எடுத்துக் கூறினார். நாளை சந்தையில் விலை இறங்கினால், வாடிக்கையாளர் வந்து 25 ரூபாய்க்குக் கேட்பது நியாயமே ஆகும். ஆனால் கூட்டிக் கொடுத்த சம்பளத்தைத் திரும்ப வாங்க முடியுமா? எனவே, இறங்கக்கூடியது எது, இறங்காதது எது என்பதைத் தனித்தனியே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. விலையேற்ற அறிவிப்புகள் பெரும்பாலானவற்றில் இந்தப் பிரிவினை இல்லாமையே குறை என்பது என் அபிப்பிராயமும் ஆகும்.

மூன்றாவது படம் பிரேசிலைப் பற்றியது. சிக்கமகளூரில் விளைந்த கொட்டையைக் குடிக்கிற நமக்குப் பிரேசிலின் வறட்சியால் என்ன என்ற சந்தேகம் வாசகருக்கு எழுவது இயற்கை. 2024-இல் உலகில் மிக அதிகமாகக் காப்பி விளைவிக்கும் பிரேசிலிலும், ரொபஸ்டாவுக்குப் பெயர்பெற்ற வியட்நாமிலும் மழை பொய்த்தது. இந்தியாவின் விளைச்சலில் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால், கொடகுத் தோட்டக்காரர் அயல்நாட்டு விலையைப் பார்த்தே உள்ளூர் வியாபாரிக்கும் விலை சொல்கிறார். அதோடு, பச்சைக் கொட்டையை வறுக்கும்போது ஈரம் நீங்கி எடை ஏறக்குறைய 15 சதவீதம் குறைவதால், பச்சைக் கொட்டையில் 100 ரூபாய் ஏறினால் வறுத்த கொட்டையில் ஏறத்தாழ 118 ரூபாய் ஏறுகிறது. இவ்வளவையும் ஒரு படத்துக்குள் எழுதிப் பார்த்த அந்தப் பெண், எழுத்து சிறுத்துப் போவதைக் கண்டு, படத்தில் மூன்று வாக்கியங்களை மட்டும் நிறுத்தி, மீதியைக் கீழே வரும் குறிப்புரைக்கு மாற்றினாள். படத்திலுள்ள எழுத்து, பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்புக் கருவிக்கு எட்டாதாகையால், விலையும் கணக்கும் குறிப்புரையிலும் முழுமையாக இருக்க வேண்டும் என்றும் அவள் சொன்னாள்.

அவள் தொழிலின் நுணுக்கங்களை அருகிலிருந்து பார்த்தபோது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று. படத்தின் அளவு 1080-க்கு 1350. முதல் படத்தில் 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே' என்று தொடங்காமல், பழைய விலையையும் புதிய விலையையும் தேதியையும் மட்டும் பெரிதாக வைத்தாள். விலையை ஐந்தாவது படம் வரை ஒளித்து வைத்தால், அதைத் தேடிக் களைத்தவர் மற்றவற்றை நம்பமாட்டார். முதல் படத்தைப் பார்த்துத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் பிறகொரு முறை இரண்டாவது படத்தைக் காட்டுவதுண்டு என்பதால், கணக்குப் படம் முன்பின் துணையின்றித் தனித்தே பொருள்படும்படி அமைந்தது. தமிழ் எழுத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. வடிவமைப்பு மென்பொருளில் உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுவிடும். 'கொட்டை' என்ற சொல்லே சிதைந்து காணும். ஒவ்வொரு படத்தையும் கைப்பேசியில் ஏற்றி, கையை நீட்டிப் பிடித்து, கல்லாப் பெரியவரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லி அவள் சோதித்தாள்.

நான்காவது படமே அதிக விவாதத்துக்கு உள்ளானது. 'சுவை என்றும் மாறாது' என்று உரிமையாளர் சொன்னதை மாஸ்டர் ஏற்கவில்லை. "கொட்டை வருஷத்துக்கு வருஷம் மாறுமுங்க. அளவு மாறாதுன்னு வேணும்னா நான் சொல்றேன்" என்றார். விலையை ஏற்றாமலே டம்ளரைச் சிறிதாக்குவது, சிக்கரியைக் கூட்டுவது, இரண்டாம் டிகாக்ஷனைக் கலப்பது ஆகிய மூன்றும் இத்தொழிலில் அறிந்தவையே. ஆகவே அவர் அந்த மூன்றையுமே உறுதியாக வைத்தார்: அதே டம்ளர், 80-க்கு 20 என்ற அதே கலவை, முதல் டிகாக்ஷன் மட்டும். சிக்கரியைக் கண்டுபிடிக்கக் குளிர்ந்த நீரில் தூளைத் தூவிப் பார்க்கும் முறையைப் படத்தில் போடலாமா என்று நான் கேட்டேன். காப்பித்தூள் சற்று நேரம் மிதக்கும், சிக்கரி விரைவில் நிறத்தை இறக்கிக்கொண்டு அமிழும். ஆனால் அது சிக்கரி இருப்பதைக் காட்டுமேயன்றி எத்தனை பங்கு என்று காட்டாது என்று மாஸ்டர் விளக்கினார். கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிடவும் வேண்டும். எனவே பொட்டலத்தின் அந்தப் பக்கத்தையே படமெடுத்துப் போட்டார்கள்.

ஐந்தாவது படத்தில் எல்லாப் பண்டங்களின் பழைய, புதிய விலைகளும் பட்டியலாக நின்றன. விலை ஏறாத பன்னும் பிஸ்கட்டும் அதில் விடப்படவில்லை. கைப்பேசி இல்லாமல் வரும் முதியவர்களுக்காக இரண்டாவது, ஐந்தாவது படங்களைத் தாளில் அச்சிட்டுக் கல்லாவின் அருகே ஒட்டுவதென்றும் ஏற்பாடாயிற்று.

ஆறாவது படத்துக்கு 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்ற வரியை உரிமையாளர் சொன்னார். அந்தப் பெண் அதைச் சிறிய எழுத்தில் அடியில் வைத்துவிட்டு, மேலே என்ன எழுதலாம் என்று மாஸ்டரைப் பார்த்தாள். இறங்கக்கூடிய 3 ரூபாயைப் பற்றி அவர் முன்பு சொன்னதே அங்கு வந்து அமர்ந்தது: தூள் வாங்கும் விலையை ஜூன் மாதக் கடைசியில் மறுபடியும் வெளியிடுவோம், கிலோ 720 ரூபாய்க்குக் கீழே இறங்கியிருந்தால் டம்ளருக்கு 2 ரூபாய் குறைப்போம். 880-க்கும் 720-க்கும் உள்ள 160 ரூபாயை 80 டம்ளருக்குப் பங்கிட்டுப் பார்த்த பிறகே உரிமையாளர் அதற்குச் சம்மதித்தார்.