லண்டனில் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி

ஊரிலிருந்து பஞ்சாங்கம் வாங்கி அனுப்பச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. லண்டனில் இருக்கும் மகளுக்கு ஒடியலும் கருவாடும் கட்டி அனுப்பும் தாய், சித்திரை பிறக்கும் முன்னமே பஞ்சாங்கத்தையும் அந்தப் பொதிக்குள் வைத்துவிடுகிறாள். கோயில் திருவிழா, கௌரிக்காப்பு, கந்தசஷ்டி, தகப்பனாரின் திதி எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. அதே புத்தகத்தைப் பார்த்து அங்கே இராகு காலத்தையும் சுபநேரத்தையும் எடுக்கும்போதுதான் கணக்குப் பிசகுகிறது. மட்டக்களப்பில் இருந்து நாள் பார்த்துக் கொடுக்கிற எனக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிசகைச் சுற்றியவையே.

அடிக்கடி வரும் கேள்வி இப்படி இருக்கும்: "ஐயா, ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில பால் காய்ச்சப் போறம். நாலரையில இருந்து ஆறு வரைக்கும் இராகு காலம் எண்டு கிடக்கு. அதை விட்டுப்போட்டு ஏழரைக்கு வைக்கலாம்தானே?" வெளிநாட்டில் விசேஷம் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு நாள் இல்லை. ஆனபடியால் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

இராகு காலம் மணிக்கூட்டில் எழுதி வைத்த நேரம் அல்ல. சூரியன் உதிக்கும் நேரத்திலிருந்து மறையும் நேரம் வரைக்குமான பகலை எட்டுச் சம பங்காகப் பிரிக்கிறோம். அதில் ஒரு பங்கு இராகுவுக்கு. திங்களில் இரண்டாம் பங்கு, சனியில் மூன்றாவது, வெள்ளியில் நாலாவது, புதனில் ஐந்தாவது, வியாழனில் ஆறாவது, செவ்வாயில் ஏழாவது, ஞாயிறில் எட்டாவது. பகல் சரியாகக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிந்தால் ஒரு பங்கு ஒன்றரை மணித்தியாலம். ஞாயிறின் எட்டாம் பங்கு நாலரை முதல் ஆறு வரை. கலண்டரில் அச்சாகியிருப்பது இந்த ஆறுக்கு ஆறு பகலின் கணக்கு.

எங்கள் ஊரில் அந்த அச்சுக் கணக்கு பெரிதாகப் பிழைப்பதில்லை. வாவிக்கரையில் ஜூன் 21ஆம் திகதி சூரியன் சுமார் 5.48க்கு உதித்து 6.22க்கு மறைகிறது. ஞாயிறு என்றால் இராகு காலம் 4.48க்குத் தொடங்கும். டிசம்பர் 21இல் உதயம் 6.11, அத்தமனம் 5.51, அப்போது தொடக்கம் 4.23. அச்சில் உள்ள நாலரைக்கும் உண்மை நேரத்துக்கும் கால் மணித்தியாலம் முன்பின். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பகல் பெரிதாகக் கூடிக் குறைவதில்லை. அதனால் தலைமுறை தலைமுறையாக நாலரை என்ற எண்ணை மனப்பாடம் பண்ணி நிம்மதியாக இருந்துவிட்டோம். எண் மனதில் நின்றது, அது எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோனது.

லண்டனில் ஜூன் 21ஆம் திகதி சூரியன் காலை 4.43க்கு உதித்து இரவு 9.21க்கு மறைகிறது. 2026இல் அந்தத் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆகையால் அதையே வைத்துப் பார்க்கலாம். பகல் 16 மணித்தியாலம் 38 நிமிடம், அதாவது 998 நிமிடம். எட்டால் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய 125 நிமிடம், இரண்டு மணித்தியாலத்துக்கும் சற்று மேல். எட்டாம் பங்கு மாலை 7.16க்குத் தொடங்கி 9.21 வரை. நாலரை முதல் ஆறு வரை அங்கே இராகு காலமே இல்லை. அதைத் தவிர்த்து ஏழரைக்குப் பால் காய்ச்சினால், தவிர்க்க நினைத்த நேரத்துக்குள்ளேயே போய் நிற்கிறார்கள்.

மாரியில் இது மறுபக்கம் திரும்புகிறது. டிசம்பர் 21இல் லண்டன் உதயம் காலை 8.04, அத்தமனம் பிற்பகல் 3.53. பகலே 469 நிமிடம்தான். ஒரு பங்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை, 59 நிமிடம். அந்த நாட்களில் ஞாயிறு வந்தால் இராகு காலம் 2.54 முதல் 3.53 வரை. நாலரைக்கு முன்னம் முடித்துவிடலாம் என்று மூன்று மணிக்கு மண்டபம் எடுப்பவர்கள், அறியாமலே அந்தப் பங்கைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். நாலரைக்கு அங்கே பகல் முடிந்து இருட்டியிருக்கும்.

"அப்ப ஊர் நேரத்தை அப்படியே எங்கட நேரத்துக்கு மாத்தினால் சரியோ?" என்று அடுத்த கேள்வி வரும். லண்டன் கோடையில் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, மாரியில் ஐந்தரை. ஊரின் மாலை நாலரையை அப்படி மாற்றினால் கோடையில் லண்டனின் நடுப்பகல் 12 மணி வரும். அது மட்டக்களப்பின் வானத்தில் சூரியன் சாயும் நேரம். லண்டனில் அப்போது சூரியன் உச்சிக்கே வந்திருக்காது. சனிக்கிழமை இன்னும் தெளிவாகக் காட்டும். அன்று அச்சுக் கணக்கு 9 முதல் 10.30. மாரியில் ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் லண்டனில் அதிகாலை 3.30. எங்கள் முறையில் கிழமை பிறப்பது நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தில். அதிகாலை 3.30க்கு அங்கே இன்னும் வெள்ளிக்கிழமைதான் நடக்கிறது. வெள்ளியின் இரவுக்குள் சனியின் இராகு காலத்தைத் தேடுவதற்கு எந்த நூலிலும் இடம் கிடையாது.

ஆனால் இதே கழித்தல், பஞ்சாங்கத்தின் இன்னொரு பக்கத்துக்கு முற்றிலும் சரி. திதியும் நட்சத்திரமும் உதயத்தைப் பார்த்து முடிவதில்லை. சந்திரன் சூரியனை விட்டு விலகும் தூரம் திதி. சந்திரன் நிற்கும் இடம் நட்சத்திரம். அமாவாசை முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒரே கணம். மட்டக்களப்பில் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தால் லண்டன் கோடையில் காலை ஒன்பதரைக்கு முடியும். ஆகவே ஒரே பஞ்சாங்கத்துக்குள் இரண்டு வகை நேரம் இருக்கிறது. வானத்தில் ஒருமுறை நடப்பதை மணி வித்தியாசத்தால் மாற்ற வேண்டும். இராகு காலம், எமகண்டம், குளிகை, கௌரி, ஓரை போன்று அந்தந்த ஊரின் பகலைப் பங்குபோட்டு வருவதை மாற்றக் கூடாது. இருக்கும் ஊரில் புதிதாகப் பங்குபோட வேண்டும். நான் காணும் பிசகுகளில் அநேகம், ஒன்றுக்கு உரிய முறையை மற்றதற்குப் போடுவதால் வருபவை.

நாழிகையில் எழுதிய வாக்கிய பஞ்சாங்கத்தை வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு திதி 20 நாழிகை என்று போட்டிருந்தால், உதயத்திலிருந்து எட்டு மணித்தியாலம். எந்த ஊர் உதயத்திலிருந்து? பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டதோ அந்த ஊர் உதயத்திலிருந்து. எங்கள் உதயம் 5.48 என்றால் திதி முடிவது இங்கே பிற்பகல் 1.48, லண்டன் கோடையில் காலை 9.18. அங்கிருப்பவர் லண்டன் உதயமான 4.43இலிருந்து எட்டு மணித்தியாலம் எண்ணினால் 12.43 வரும், கிட்டத்தட்ட மூன்றரை மணித்தியாலப் பிழை. யாழ்ப்பாணத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் என்றால் மட்டக்களப்பில் இருக்கிற எங்களுக்கே சிறு வித்தியாசம் உண்டு: அங்கே உதயம் ஜூனில் மூன்று நான்கு நிமிடமும் டிசம்பரில் பத்து நிமிடமளவிலும் பிந்துகிறது.

திதி ஒரே கணத்தில் முடிந்தாலும் விரத நாள் மாறக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இங்கே ஒரு திதி முடிகிறது என்று வையுங்கள். எங்கள் உதயத்தில் அந்தத் திதி இருக்கிறது. எனவே செவ்வாய் அந்தத் திதிக்குரிய நாள். லண்டன் கோடையில் அது அதிகாலை இரண்டரைக்கே முடிந்துவிடுகிறது. செவ்வாய் உதயத்தில் அடுத்த திதி வந்திருக்கும். உதயத் திதியைப் பிடிக்கும் விரதமானால் அவர்களுக்குத் திங்கட்கிழமையைப் பார்க்க வேண்டி வரலாம். தகப்பனாரின் திதி கொடுப்பவர்கள் பிற்பகலில் எந்தத் திதி நிற்கிறது என்று பார்க்கிறார்கள்; அதையும் அவர்கள் ஊர்ப் பிற்பகலில்தான் பார்க்க வேண்டும். அண்ணன் மட்டக்களப்பிலும் தம்பி லண்டனிலும் வெவ்வேறு திகதியில் கொடுத்தால் ஒருவர் பிழை விட்டார் என்று பொருளில்லை.

மணிக்கூடு வேறு, சூரியன் வேறு என்பதைக் கற்க நாங்கள் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. 1996 மே மாதம் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகள் தங்கள் பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஒரு நேரம், அந்தப் பக்கம் அவர்கள் வசமிருந்த படுவான்கரையில் இன்னொரு நேரம். தோணியில் வாவியைக் கடந்தால் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் மாறியது. இரு கரைக்கும் உதித்தது ஒரே சூரியன். ஜூன் மாத ஞாயிறு இராகு காலம் படுவான்கரை மணிக்கூட்டில் 4.48 என்றால் எழுவான்கரை மணிக்கூட்டில் 5.18. அச்சிலிருந்த நாலரையை மட்டும் நம்பியவருக்கு எழுவான்கரையில் அது முக்கால் மணித்தியாலம் பிழைத்தது. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டை முன்னே வைக்கும்போது நடப்பதும் அதுதான்.

ஆகையால் என்னிடம் கேட்பவர்களுக்கு நேரத்தைச் சொல்வதோடு கணக்கையும் சொல்லிக் கொடுக்கிறேன். கைபேசியில் காலநிலை காட்டும் இடத்திலேயே உங்கள் ஊரின் அன்றைய உதயமும் அத்தமனமும் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்களை எட்டால் பிரியுங்கள். அந்தக் கிழமைக்குரிய பங்குக்கு முன்னால் எத்தனை பங்கு உண்டோ அத்தனையை உதயத்தோடு கூட்டுங்கள். கைபேசிச் செயலியில் இராகு காலம் வருகிறது என்றால் அது எந்த ஊருக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். கொழும்பு என்று கிடந்தால் லண்டனுக்கு உதவாது. சரிபார்க்க இலகுவான வழி உண்டு. ஞாயிறு இராகு காலம் அத்தமனத்தோடு முடிய வேண்டும். வெள்ளியின் இராகு காலம் முடிவதும் புதனின் இராகு காலம் தொடங்குவதும் உதயத்துக்கும் அத்தமனத்துக்கும் சரி நடுவில் இருக்க வேண்டும்; லண்டன் ஜூனில் அந்த நடு பிற்பகல் 1.02. இவை பொருந்தாவிட்டால் அந்தப் பட்டியல் உங்கள் ஊருக்குரியது அல்ல.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடியேறிய எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே கோடையில் வாரக்கணக்காகச் சூரியன் மறையாது. மாரியில் வாரக்கணக்காக உதிக்காது. உதயமும் அத்தமனமும் இல்லாத நாளில் பங்குபோடப் பகல் கிடையாது. இல்லாத பகலின் எட்டில் ஒரு பங்கை நான் கற்பனையாக எழுதிக் கொடுப்பதில்லை. திதியும் நட்சத்திரமும் அங்கேயும் உண்டு, அவற்றை மணி வித்தியாசத்தால் மாற்றி எடுங்கள், அந்த நாட்களில் இராகு காலம் பார்க்க வேண்டாம் என்று சொல்கிறேன். ஊர்ப் பஞ்சாங்கத்தைத் தொடர்ந்து வாங்குங்கள். திதிக்கும் நட்சத்திரத்துக்கும் அதைப் பாருங்கள்; நல்ல நேரத்துக்கு நீங்கள் வாழும் ஊரின் உதயத்தைப் பாருங்கள்.