நுனி நாக்கில் நிற்கும் சொற்கள்

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு உறவினரின் பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கூரையைத் தாங்கும் அந்தப் பெரிய மரத்துக்கு என்ன பெயர் என்று பேரன் கேட்டான். சொல் நுனி நாக்கில் நின்றது, வரவில்லை. இரவு படுத்த பிறகுதான் 'உத்தரம்' வந்தது. முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அதன்பிறகே கைப்பேசியில் சொல் விளையாட்டு ஆடத் தொடங்கினேன்.

நேற்று வந்த ஐந்து எழுத்துகள்: க, ட, ம, ல், லை. இவற்றைச் சேர்த்துச் சொற்கள் அமைக்க வேண்டும். இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. ல், லை, ட மூன்றும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. மெய்யெழுத்தும் சொல்லைத் தொடங்காது. லகரமும் டகரமும் மொழிமுதல் ஆகா. ஆகவே க, ம என்ற இரண்டில்தான் தேட வேண்டும். கல், கலை, கடல், கடலை, மலை எல்லாம் உடனே வந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது. குறிப்புப் பொத்தானை அழுத்தாமல் காத்திருந்தேன். 'மடல்' வந்தது. அதோடு காது மடல், தாழை மடல், அகப்பாடல்களில் தலைவன் ஏறும் பனை மடல் என்று ஒரு குடும்பமே கூட வந்தது.

அந்தக் காத்திருப்புதான் பயிற்சி. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வினாடி வினாவில் சொல்லை அடையாளம் காண்கிறோம், நினைவிலிருந்து எடுப்பதில்லை. பேசும்போது நமக்கு நான்கு விடைகளை யார் நீட்டுகிறார்கள்? 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள்.

அதனால் என் வழக்கம் இது. காலையில் ஒரு புதிர். குறிப்பைப் பார்த்துக் கண்டுபிடித்த சொல்லை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்வேன். மாலையில் கைப்பேசியைத் தொடாமல் அதை நோட்டில் எழுதி, ஒரு வாக்கியமும் அமைப்பேன். மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் அதையே மறுபடி முயல்வேன்.

மதிப்பெண் ஏறுவதை வைத்து நினைவாற்றல் ஏறியதாக எண்ணாதீர்கள். ஆடிய விளையாட்டில் கை பழகும், அவ்வளவே. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று நான் இன்றும் தேடுகிறேன். தேடாமலே ஒரு சொல் பேச்சில் வந்து விழுகிறதா என்பதுதான் சோதனை. பழகிய வழியே மறந்தாலோ, காசு எண்ணுவது தடுமாறினாலோ புதிரை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்றைக்கு உங்களுக்கு ஒரு கேள்வி: பழைய வீட்டு வாசலில் திண்ணைக்கு மேலே, கூரைக்குக் கீழே நீண்டு நிழல் தரும் பகுதிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? யாரிடமும் கேட்காமல் எழுதுங்கள்.